எந்த நாட்டு மறியல்?
தமிழ்ச் சொற்களின் நாட்டுக்கு நாடு மாறும் பொருளும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

தமிழ்நாட்டு நாளிதழ் ஒன்றில் 'குடிநீர் கேட்டுப் பெண்கள் மறியல்' என்ற தலைப்பைப் பார்த்தால், காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கண்முன் வருவார்கள். இலங்கை நாளிதழில் 'சந்தேகநபருக்கு 14 நாள் விளக்கமறியல்' என்று வரும். அங்கே சாலையும் இல்லை, குடமும் இல்லை. நீதவான் ஒருவரைச் சிறைக் காவலில் வைக்கச் சொல்லியிருக்கிறார். இலங்கையின் பேச்சுத் தமிழில் 'அவர் மறியலில' என்றால் அவர் சிறையில் இருக்கிறார் என்பதே பொருள். இரண்டு பொருளும் 'மறி' என்ற ஒரே வினையிலிருந்து பிறந்தவைதான். வண்டிகளைப் போகவிடாமல் மறிப்பது ஒரு கரையில் நிலைத்தது. ஆளை வெளியே போகவிடாமல் மறிப்பது மறுகரையில் நிலைத்தது.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ் படிப்பவர் தலைப்பின் மற்றச் சொற்களைக் கொண்டு தம்மைத் திருத்திக்கொள்வார். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. மொழிபெயர்ப்பாளர் 'புரொடெஸ்ட்' என்று எழுதிவிட்டால் கைதி போராளியாகிவிடுகிறார். படிப்பவருக்குச் சந்தேகம் எழவே வழியில்லை.

மொழிபெயர்ப்பாளரைப் பெரும்பாலும் தவறச் செய்பவை தெரிந்த சொற்களே என்பது இந்தக் கட்டுரையின் வாதம். 'வெளிக்கிடு', 'கெதியா', 'பகிடி' போன்ற யாழ்ப்பாணச் சொற்கள் சென்னைக்காரரைத் தடுத்து நிறுத்தும். அவர் அகராதியைத் திறப்பார், யாரையாவது கேட்பார். 'வருத்தம்', 'பேசு', 'தோட்டம்', 'வெள்ளி' ஆகியவை அவரை நிறுத்துவதில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த சொல்லை யாரும் அகராதியில் தேடுவதில்லை. அத்தகைய சொற்கள் சிலவற்றையும், அவற்றை ஆங்கிலத்தில் எப்படிக் குறித்துக் காட்டலாம் என்பதையும் பார்ப்போம்.

நோயும் துயரமும்

தமிழ்நாட்டில் 'அவருக்கு வருத்தம்' என்றால் மனத்தாங்கல் அல்லது துயரம். யாழ்ப்பாணத்தில் அதே தொடருக்கு அவர் நோயுற்றிருக்கிறார் என்று பொருள். நோயாளி அங்கே 'வருத்தக்காரர்', நீரிழிவு 'சீனி வருத்தம்'. பழைய தமிழில் வருத்தம் உடல் நோவுக்கும் மன நோவுக்கும் பொதுவாக இருந்தது. இலங்கை உடலின் பக்கமும் தமிழ்நாடு மனத்தின் பக்கமும் நின்றுவிட்டன.

இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் வாழும் லண்டனிலோ டொரண்டோவிலோ ஒரு மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். 'அம்மாவுக்கு மூண்டு நாளா வருத்தம், ஒண்டும் சாப்பிடேல்லை' என்கிறார் மகள். மதுரையில் பிறந்த ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, தாய் மூன்று நாளாகத் துயரத்தில் சாப்பிடாமல் இருக்கிறார் என்றாக்கிவிடலாம். மருத்துவரின் கேள்விகள் உடனே மனநலத்தின் பக்கம் திரும்பும். காய்ச்சலா, வயிற்று வலியா என்ற கேள்வி பின்தங்கிவிடும். வாக்கியத்தில் எந்த இடறலும் இல்லாததால் தவறு யாருக்கும் தெரியாது. இலங்கைக்காரர் வாயிலிருந்து 'வருத்தம்' வந்தால், 'உடம்புக்கா, மனசுக்கா?' என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

பேச்சும் ஏச்சும்

இலங்கைத் தமிழில் உரையாடுவதற்கு உரிய சொல் 'கதைத்தல்'. தமிழ்நாட்டுக் காதில் அது இல்லாததைக் கட்டிச் சொல்வது போல ஒலிக்கும். 'பேசுதல்' யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் பெரும்பாலும் திட்டுவதைக் குறிக்கும். 'அப்பா எனக்குப் பேசினவர்' என்று ஒரு சிறுவன் சொன்னால் அவன் அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

இதில் இலக்கணமே ஒரு துப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் 'என்னோடு பேசினார்' அல்லது 'என்னிடம் பேசினார்' என்போம். திட்டும் பொருளில் யாழ்ப்பாணம் 'எனக்குப் பேசினார்' என்று நான்காம் வேற்றுமையைப் போடுகிறது. வழக்கமில்லாத இடத்தில் 'கு' உருபு வந்தால் மொழிபெயர்ப்பாளர் நிற்க வேண்டும். பொருள் மாறியிருப்பதற்கு அது அடையாளம். எழுத்து நடையிலும் மேடையிலும் இலங்கையிலும் 'பேசினார்' என்பது பேசினார்தான். 'கலியாணம் பேசினார்கள்' என்பதிலும் சண்டை எதுவும் இல்லை.

'பேசினவர்' என்ற வடிவமும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் அது 'பேசிய மனிதர்' என்னும் வினையாலணையும் பெயர். யாழ்ப்பாணப் பேச்சில் அது வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றாகவும் வரும். 'அவர் நேற்று வந்தவர்' என்பதைச் சென்னையில் கேட்டால் அவர் புதிதாக வந்த ஆள் என்று தோன்றும். யாழ்ப்பாணத்தில் அவர் நேற்று வந்தார் என்ற செய்தி மட்டுமே. 'நான் வந்தனான்', 'நீ வந்தனி' என்பவையும் இந்த வரிசையைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் 'வந்தவர் அவர்தான்' என்ற அழுத்தத்தோடு எழுதினால், பேசியவர் வைக்காத அழுத்தம் ஒன்று வாக்குமூலத்தில் ஏறிவிடும்.

நிலமும் பணமும்

'காணி' இலங்கைத் தமிழில் பொதுவாக நிலம். காணி உறுதி, காணிப் பதிவு, காணிப் பிரச்சினை என்று அரசாங்கத் தாள்களிலும் அதுவே வரும். தமிழ்நாட்டில் காணி ஒரு நில அளவு, ஏறத்தாழ 1.32 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் நில அளவுக்குரிய சொல் 'பரப்பு'. 16 பரப்பு ஒரு ஏக்கர். 'நாலு பரப்புக் காணி' என்றால் கால் ஏக்கர் நிலம். 'பரப்பு' என்றால் விஸ்தீரணம் என்று மட்டும் அறிந்தவர் இதை நாலு காணி என்று புரிந்துகொண்டால் நிலம் 5 ஏக்கருக்கு மேல் ஆகிவிடும். கால் ஏக்கர் வீட்டு வளவை விற்ற குடும்பம் ஆங்கிலத்தில் பெரிய நிலக்கிழார் குடும்பமாகத் தோன்றும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'வெள்ளி' பணம். கடைக்காரர் 'பத்து வெள்ளி' என்றால் உலோகத்தைப் பற்றியோ கிழமையைப் பற்றியோ பேசவில்லை. அந்தப் பகுதியில் ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் புழங்கிய காலத்தின் எச்சம் அது. மலாய் மொழியின் 'ரிங்கிட்' என்ற பெயரும் அந்த நாணயங்களின் அரம்போன்ற விளிம்பிலிருந்து வந்ததே. வெள்ளி என்றால் பணம் என்று தெரிந்துகொண்ட பிறகும் ஆங்கிலத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இன்றைய சிங்கப்பூர்க் கதையில் அது டாலர், இன்றைய மலேசியக் கதையில் ரிங்கிட். இரு நாடுகளும் 1967இல்தான் தனித்தனி நாணயம் வெளியிட்டன. மலேசிய நாணயத்துக்கு ரிங்கிட் என்ற பெயர் 1975இல் அதிகாரபூர்வமானது. 1955இல் நடக்கும் ரப்பர்த் தோட்டக் கதையில் 'ரிங்கிட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது காலப்பிழை. அங்கே டாலர் என்பதே பொருந்தும். ஆகவே 'வெள்ளி'யை மொழிபெயர்க்க இடமும் வேண்டும், ஆண்டும் வேண்டும்.

'தோட்டம்' இன்னும் அகலமான சொல். சென்னையில் அது பூச்செடி வைத்த இடம். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனமுள்ள வேளாண் நிலம். யாழ்ப்பாணத்தில் 'தோட்டம் செய்யிறார்' என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடுகிறார். இலங்கை மலையகத்தில் தோட்டம் என்பது தேயிலை எஸ்டேட். மலேசியாவில் அது ரப்பர் அல்லது செம்பனை எஸ்டேட். மலையகத்திலும் மலேசியாவிலும் அந்தச் சொல் நிலத்தோடு நிற்பதில்லை. வீடு, கோயில், பள்ளிக்கூடம், முகவரி, ஒரு சமூகத்தின் வரலாறு எல்லாம் அதற்குள் அடங்கும். 'நான் தோட்டத்தில பிறந்தவள்' என்று ஒரு மலையகப் பெண் சொல்வதை ஆங்கிலத்தில் 'கார்டன்' என்று எழுதினால் பூக்களுக்கு நடுவே ஒரு குழந்தை பிறந்துவிடுகிறது. 'எஸ்டேட்' என்று எழுதினாலும் பிரிட்டிஷ் வாசகர் சிலருக்குப் பிரபுவின் மாளிகையே நினைவுக்கு வரும். முதல்முறை வரும் இடத்தில் 'டீ எஸ்டேட்' என்று முழுதாக எழுதினால் போதும், அடிக்குறிப்பு தேவையில்லை.

பேசுபவர் எந்த ஊர்?

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்வது தீர்வாகாது, பட்டியல் முடிவதே இல்லை. மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் பேசுபவர் எந்த ஊர் என்று முடிவு செய்துகொள்வதே முதல் வேலை. எழுத்துக் கூட்டல் நிறையச் சொல்லும். தமிழ்நாடு 'போலீஸ்', 'டாக்டர்', 'டொரண்டோ' என்று எழுதும் இடத்தில் இலங்கை 'பொலிஸ்', 'டொக்டர்', 'ரொறொன்ரோ' என்று எழுதும். 'எண்டு', 'வந்தனான்', 'அவ சொன்னவ', 'உது' ஆகியவை வந்தால் யாழ்ப்பாணம் பக்கத்தில். பணம் 'வெள்ளி'யில் எண்ணப்பட்டு, காலை உணவு 'பசியாறல்' ஆனால் மலேசியா அல்லது சிங்கப்பூர். ஆனால் 'பசியாறுதல்' என்பதைக் காலை உணவுக்குத் தமிழ்நாட்டின் கடலோர முஸ்லிம்களும் சொல்வார்கள். ஒரே ஒரு துப்பை நம்பி நாட்டை முடிவு செய்யக்கூடாது. இரண்டு மூன்று துப்புகள் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

கதைகளில் ஆசிரியரின் ஊரைவிடப் பாத்திரத்தின் ஊரே முக்கியம். யாழ்ப்பாண எழுத்தாளரின் நாவலில் மலையகப் பாத்திரம் வந்தால் அவள் வாயிலுள்ள 'தோட்டம்' மலையகத்துத் தோட்டம். காலமும் கணக்கில் வர வேண்டும். இலங்கையில் 'கச்சேரி' மாவட்ட அரசு அலுவலகம், தமிழ்நாட்டில் இசை நிகழ்ச்சி. ஆனால் பழைய தமிழ்நாட்டிலும் கச்சேரி அரசு அலுவலகமாக இருந்தது. மயிலாப்பூரின் கச்சேரி ரோடு என்ற பெயரில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய சென்னைக் கதையில் ஒருவர் கச்சேரிக்குப் போனால், பாட்டுக் கேட்கத்தான் போனார் என்று எழுதிவிட முடியாது.

அகராதிகளும் கைகொடுக்கும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், யாழ்ப்பாண வழக்குகளுக்குத் தனிக் குறியீடு இட்டுத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியும் அந்த வழக்கை நன்கு அறிந்தது. இன்றைய வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கைப் பொருளை அடையாளமிட்டுக் காட்டுகிறது. இவற்றைத் தெரியாத சொல்லுக்கு மட்டும் திறப்பதால்தான் பயன் குறைகிறது. வேற்று நாட்டுப் பனுவலை மொழிபெயர்க்கும்போது தெரிந்த பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் அங்கே ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

ஒரு வாக்குமூலம்

ஓர் எடுத்துக்காட்டை வரிக்கு வரி பார்ப்போம். இது விளக்கத்துக்காக நானே எழுதியது. புகலிடம் கோரும் ஒருவரின் வாக்குமூலம் என்று கொள்ளுங்கள்.

'ஐயாவுக்கு வருத்தம் எண்டு கேள்விப்பட்டு வீட்டை வந்தனான். அண்ணை அப்ப மறியலில. ஏன் வந்தனி எண்டு அம்மா எனக்குப் பேசினவ. நாலு பரப்புக் காணியை வித்துத்தான் லோயருக்குக் காசு குடுத்தது.'

இலங்கை வழக்கு அறியாத ஒருவர் இதை ஆங்கிலமாக்கினால் சாரம் இப்படி வரும்: பெரியவர் ஒருவர் மனம் வருந்துகிறார் என்று கேள்விப்பட்டு வந்தேன், அண்ணன் அப்போது போராட்டத்தில் இருந்தார், ஏன் வந்தாய் என்று அம்மா என்னோடு பேசினார், நாலு காணி நிலத்தை விற்று வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்தோம்.

உண்மையில் சொல்லப்பட்டது வேறு. பல யாழ்ப்பாணக் குடும்பங்களில் 'ஐயா' என்பது தந்தை. அவர் நோயுற்றிருந்தார். 'வீட்டை' என்பது இங்கே இரண்டாம் வேற்றுமை இல்லை, 'வீட்டுக்கு' என்று பொருள். அண்ணன் காவலில் இருந்தார். தாய் திட்டினார்; மகனுக்கு ஆபத்து என்ற அச்சம் அந்தத் திட்டில் இருக்கலாம். விற்றது கால் ஏக்கர். முதல் மொழிபெயர்ப்பில் நான்கு வரிக்கும் பழுது வந்துவிட்டது. மிகவும் கேடானது இரண்டாவது வரி. அண்ணன் சிறையிலிருந்ததாக நீதிமன்றத் தாள் சொல்லும், தம்பியின் வாக்குமூலமோ போராட்டத்தில் இருந்ததாகச் சொல்லும். விசாரிக்கும் அதிகாரி முரண்பாட்டைத்தான் காண்பார். தம்பி பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு அது வழி திறந்துவிடும்.

இத்தகைய தாளில் எப்படிக் குறிப்பது? 'ஐயா', 'வருத்தம்', 'வீட்டை', 'பேசினவ' நான்கையும் சரியான ஆங்கிலத்தில் நேராக எழுதிவிடலாம். சூழலில் பொருள் ஒன்றே, குறிப்பு வேண்டியதில்லை. 'நாலு பரப்பு' என்பதை உரோமன் எழுத்தில் அப்படியே வைத்து, பக்கத்திலேயே கால் ஏக்கர் என்று சொல்ல வேண்டும். அளவுச் சொல்லை அழித்துவிட்டால் பின்னால் உறுதிப் பத்திரத்தோடு ஒப்பிட முடியாது.

'மறியல்' மட்டும் முழுக் குறிப்புக்கு உரியது. இலங்கைப் பேச்சில் அது விசாரணைக் காவலையும் தண்டனைச் சிறையையும் சேர்த்தே குறிக்கும். எது என்று மொழிபெயர்ப்பாளர் தாமாகத் தீர்மானிக்கக்கூடாது. பேசியவரைக் கேட்க முடிந்தால் கேட்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும் 'கஸ்டடி' என்ற சொல்லை இட்டு, சதுர அடைப்பில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று பெயரிட்டு விளக்க வேண்டும். அதில் நான்கு செய்திகள் போதும்: மூலச்சொல் எது, பேசியவரின் ஊரில் அதன் பொருள் என்ன, வேறு எந்த நாட்டில் வேறு பொருள், இங்கே இந்தப் பொருளைத் தேர்ந்ததற்கு ஆதாரம் என்ன. எடுத்துக்காட்டாக: 'மறியல். இலங்கைத் தமிழில் சிறை அல்லது விசாரணைக் காவல். தமிழ்நாட்டில் சாலை அடைப்புப் போராட்டம். பேசியவர் யாழ்ப்பாணத்தவர், வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்ததாக இதே பத்தியில் சொல்வதால் முதற்பொருள் கொள்ளப்பட்டது.' வேறொரு தமிழர் பின்னால் மூலத்தைச் சரிபார்த்து 'மறியல் என்றால் போராட்டம் ஆயிற்றே' என்று கேட்கும்போது இந்தக் குறிப்பு பதில் சொல்லும்.

கதைக்கு வேறு முறை

அதே நான்கு வரி ஒரு சிறுகதையில் வந்தால் சதுர அடைப்பு கதையைக் கொன்றுவிடும். அங்கே சரியான பொருளை அமைதியாக ஆங்கிலத்தில் வைத்துவிட்டு நகர வேண்டும். இலங்கைக் கதையில் 'இண்டைக்கு மச்சம் சாப்பிட மாட்டன்' என்று ஒருவர் சொன்னால், மீனும் இறைச்சியும் வேண்டாம் என்கிறார் என்று எழுதினால் முடிந்தது. மச்சம் தமிழ்நாட்டில் உடலிலுள்ள கரும்புள்ளி என்ற செய்தி ஆங்கில வாசகருக்கு எதற்கும் உதவாது.

இரண்டு பொருளும் கதைக்குள் மோதினால் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்து இளைஞன் சென்னையில் 'அண்ணை மறியலில' என்கிறான். சென்னை நண்பன் 'எதுக்குப் போராட்டம்?' என்று கேட்கிறான். அந்தத் தப்பர்த்தமே கதையின் உயிர். இங்கே தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில் விட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே இரண்டு பொருளும் தெரியும்படி உரையாடலைச் சற்று நீட்டலாம். 'ஜெயில்ல இருக்கிறார்' என்று இளைஞன் விளக்கும் ஒரு வரி, அடிக்குறிப்பைவிட நன்றாக வேலை செய்யும்.

இரண்டு செயல்களைத் தவிர்க்கச் சொல்வேன். இலங்கைத் தமிழைக் காட்டுவதற்காக ஸ்காட்லாந்து ஆங்கிலத்தையோ அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சையோ பாத்திரத்தின் வாயில் வைப்பது ஒன்று; வாசகர் வேறு நாட்டுக்கே போய்விடுவார். ஒவ்வொரு வட்டாரச் சொல்லையும் சாய்வெழுத்தில் தமிழாகவே விட்டுவிடுவது மற்றொன்று. நிறம் கிடைக்கும், பொருள் போய்விடும். பின்னிணைப்பில் சொல்லடைவு தருவதானால் ஒவ்வொரு சொல்லுக்கும் நாட்டின் பெயரைச் சேர்க்க வேண்டும். 'தோட்டம்: தமிழில் எஸ்டேட்' என்பது பொய்யான பதிவு. 'தோட்டம்: இலங்கை மலையகத் தமிழிலும் மலேசியத் தமிழிலும் எஸ்டேட்' என்பது சரியானது.

இந்த எல்லைகள் கோடு கிழித்தாற்போல நிற்பவை அல்ல. தமிழ்நாட்டுத் திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவர் 'பேசினார்' என்பதை இரண்டு பொருளிலும் சொல்வார். கனடாவில் பிறந்த பிள்ளைகள் இரண்டு வழக்கையும் ஒரே மூச்சில் கலப்பார்கள். அதனால் ஊரை வைத்துச் செய்த ஊகத்தைப் பேசுபவரிடமே சரிபார்க்க முடிந்த இடங்களில் எல்லாம் சரிபார்க்க வேண்டும்.

பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு' என்று ஆளைத் தேடும்போது எந்த நாட்டுத் தமிழ் என்பதையும் கேளுங்கள். நூலின் முன்பக்கத்திலும் வாக்குமூலத்தின் தலைப்பிலும் அதை ஒரு வரியில் பதியுங்கள். பொருத்தமான ஆள் கிடைக்காவிட்டால், பேசுபவரின் ஊர்க்காரர் ஒருவரை ஒருமுறையாவது வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவருடைய உடல்நலமோ புகலிடமோ அந்தத் தாளைச் சார்ந்திருக்கும்போது, இந்த வாசிப்பைச் செலவு மிச்சம் பிடிக்கும் இடமாக யாரும் கருதக்கூடாது.